1s² என்று எழுதிவிட்டு நான் சொல்லாமல் விட்டது

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் இரசாயனம் படிப்பிப்பவர்கள், படித்தவர்கள், படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் முடிவு வரை வாசித்தால் சந்தோசம். கணக்கு ஓரிடத்தில்தான் வருகிறது. அதுவும் சாதாரண தரத்தில் செய்த வர்க்கப் பூர்த்திதான்.

இரண்டு கிழமைக்கு முன் 12ஆம் தர வகுப்பில் இலத்திரன் நிலையமைப்பு படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஈலியம் என்று எழுதி அதற்குப் பக்கத்தில் 1s² என்று போட்டேன். அதற்குக் கீழே ஐதரைட்டு அயன், H⁻. ஐதரசன் அணுவுடன் இன்னும் ஓர் இலத்திரன் சேர்ந்தது. அதற்கும் 1s². "ஈலியத்தின் நிலையமைப்பு வந்துவிட்டது, அதனால் உறுதி" என்று வழமையாகச் சொல்வதைச் சொன்னேன்.

முன்வரிசைப் பிள்ளை ஒருவர் கையை உயர்த்தினார். "சேர், ஈலியத்துல இருந்து ஒரு இலத்திரன எடுக்க மூலுக்கு 2372 கிலோயூல் வேணும். H⁻ல இருந்து எடுக்க 73 தான். ரெண்டும் ஒரே 1s² ன்டா ஏன் சேர் இவ்வளவு வித்தியாசம்?"

"ஈலியத்தின் கருவில் இரண்டு புரோத்தன், இதில் ஒன்றுதானே" என்றேன். அது பிழையான பதில் அல்ல. பிள்ளையும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்றிரவு மேசையில் இருந்து ஒரு தாளில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வந்த விடையைப் பார்த்துத் திரும்பவும் போட்டேன். நான் கரும்பலகையில் கீறிய படம் சரியென்றால், H⁻ என்ற அயன் உலகத்திலேயே இருக்க முடியாது!

அந்தக் கணக்கையும் அதன் பின்னால் உள்ள வரலாற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1926இல் சுரோடிங்கர் தன் சமன்பாட்டைத் தந்தார். ஓர் இலத்திரன் உள்ள ஐதரசனுக்கு அது அச்சொட்டாகத் தீர்ந்தது. இலத்திரன் இரண்டானதும் தீரவில்லை. காரணம் இதுதான். முதலாம் இலத்திரன் எங்கே போகும் என்பது இரண்டாவது எங்கே நிற்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. இரண்டாவது எங்கே நிற்கும் என்பது முதலாவதில் தங்கியிருக்கிறது. இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகத் தீர்க்க வழியில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்று ஒருவர் இருந்தார். முதலாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குண்டுகளின் பாதையைப் படிப்படியாக எண்களால் கணித்துப் பழகியவர். சூத்திரத்தால் தீராத சமன்பாட்டை எண்களால் தீர்ப்பது அவருக்குக் கைவந்த வேலை. 1928இல் அவர் முன்வைத்த வழிதான் தன்னிசைவுப் புல முறை.

ஈலியத்தை வைத்து அதை விளக்குகிறேன். இரண்டாம் இலத்திரன் கருவைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கும் என்று முதலில் ஓர் ஊகம் செய்கிறோம். அது ஒரு புள்ளி அல்ல, மூடுபனி போலப் பரந்த ஏற்ற முகில் என்று எடுத்துக்கொள்கிறோம். கருவின் கவர்ச்சியும் அந்த முகிலின் தள்ளுகையும் சேர்ந்த புலத்துக்குள் முதலாம் இலத்திரனின் அலைச்சார்பைத் தீர்க்கிறோம். இப்போது முதலாம் இலத்திரனுக்கு ஒரு முகில் கிடைக்கிறது. ஈலியத்தில் இரண்டும் ஒரே மாதிரியானவை. எனவே இந்தப் புதிய முகிலையே இரண்டாவதற்கும் கொடுத்துத் திரும்பவும் தீர்க்கிறோம். உள்ளே போட்ட முகிலும் வெளியே வந்த முகிலும் ஒன்றாகும்வரை இதையே செய்கிறோம். இரண்டும் ஒத்துப்போனால் புலம் தன்னோடு தான் இசைந்துவிட்டது. பெயர் வந்த காரணம் அதுதான்.

சில அணுக்களில் இது ஒழுங்காக ஒடுங்காது. ஒரு சுற்றில் முகில் சுருங்கும், அடுத்த சுற்றில் விரியும், பிறகும் சுருங்கும். அப்போது புதிய முகிலை முழுதாகப் போடாமல் பழையதையும் புதியதையும் கலந்து போடுவார்கள். ஹார்ட்ரீயின் தந்தை வில்லியம் ஹார்ட்ரீ ஓய்வுபெற்ற பின் மகனோடு இருந்து இந்தக் கணக்குகளில் பெரும்பகுதியைக் கையால் சுற்றும் கணிப்பானில் போட்டவர். அணுக்களின் ஓட்டு அமைப்பு பற்றிய எண்களில் நிறைய, இந்தத் தந்தையும் மகனும் இருந்து போட்டவைதான்.

1930இல் ரஷ்யாவின் ஃபொக்கும் அமெரிக்காவின் சிலேற்றரும் இதில் ஒரு குறையைத் திருத்தினார்கள். ஒரே சுழற்சியுள்ள இரண்டு இலத்திரன்கள் ஒன்றை ஒன்று தவிர்த்தே நிற்கும் என்ற பௌலியின் விதி, ஹார்ட்ரீயின் சமன்பாட்டில் சரியாக அமையவில்லை. அதைச் சேர்த்த பின் அது ஹார்ட்ரீ-ஃபொக் முறை ஆனது. ஆனால் ஈலியத்திலும் H⁻இலும் உள்ள இரண்டு இலத்திரன்களும் எதிரெதிர்ச் சுழற்சி உள்ளவை. ஆகவே இந்தத் திருத்தம் அந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்காது. இதை நினைவில் வைத்திருங்கள்.

இப்போது என் தாளில் இருந்த கணக்கு.

இரண்டு இலத்திரனுக்கும் ஒரே வடிவமுள்ள முகில் என்று எடுத்துக்கொள்வோம். வடிவம் ஐதரசனின் 1s தான். ஆனால் சுருங்கவோ விரியவோ இடம் கொடுப்போம். எவ்வளவு சுருக்கம் என்பதை z என்ற எண் சொல்லட்டும். z = 1 என்றால் ஐதரசனின் அளவு, 1ஐ விடக் கூடினால் சுருக்கம், குறைந்தால் விரிவு. கருவின் ஏற்றம் Z. அப்போது மொத்தச் சக்தி இது:

E = z² − 2Zz + 0.625z

முதலாவது உறுப்பு இரண்டு இலத்திரன்களின் இயக்கச் சக்தி. இரண்டாவது கரு இரண்டையும் கவர்வதால் வருவது. மூன்றாவது இரண்டு முகில்களும் ஒன்றை ஒன்று தள்ளுவதால் வருவது. விடையை 27.21ஆல் பெருக்கினால் இலத்திரன் வோல்ற்று அலகில் வரும். சக்தி மிகக் குறைவாக வரும் zதான் நமக்கு வேண்டியது.

ஈலியத்துக்கு Z = 2. அப்போது E = z² − 3.375z. வர்க்கப் பூர்த்தி செய்தால் z = 1.6875, E = −2.848. அதாவது −77.5 இலத்திரன் வோல்ற்று. முகிலின் வடிவத்தை இன்னும் சுதந்திரமாக விட்டு, தன்னிசைவு வரும்வரை சரியாகக் கணித்தால் −77.9 வரும். உண்மையான பெறுமானம் −79.0. வித்தியாசம் 1.1 இலத்திரன் வோல்ற்று, நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. யாராக இருந்தாலும் இதைப் பார்த்து "நல்ல முறை" என்றுதான் சொல்வார்கள்.

இனி H⁻. அதற்கு Z = 1. E = z² − 1.375z. வர்க்கப் பூர்த்தி செய்தால் z = 0.6875, E = −0.4727. இலத்திரன் வோல்ற்றில் −12.86.

இந்த எண்ணைத் தனியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இன்னோர் எண்ணை வைக்க வேண்டும். ஓர் இலத்திரன் மட்டும் உள்ள சாதாரண ஐதரசன் அணுவின் சக்தி −13.61. மற்ற இலத்திரனை எங்கோ தொலைவில் சும்மா விட்டுவிட்டால் மொத்தச் சக்தி இதுதான். −12.86 அதை விட மேலே இருக்கிறது. இயற்கை எப்போதும் குறைந்த சக்தியின் பக்கம் போகும். ஆகவே இரண்டாம் இலத்திரன் வந்து ஒட்டுவதை விட விலகிப் போவதே இலாபம். அயன் உடைந்துவிடும்.

"நீங்கள் எளிய முகிலை எடுத்தீர்கள், அதுதான் பிழை" என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முழுமையான ஹார்ட்ரீ-ஃபொக் விடையும் −13.28 தான். அதுவும் −13.61ஐ எட்டவில்லை. இரண்டு இலத்திரனையும் ஒரே ஒபிற்றலில் போட்டு, அந்த ஒபிற்றலை எவ்வளவு திருத்தினாலும் H⁻ பிழைக்காது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கணக்கு எங்கும் சிக்கவில்லை. சுற்றுகள் ஒழுங்காக ஒடுங்கின, உள்ளே போட்டதும் வெளியே வந்ததும் ஒத்துப்போயின. தன்னிசைவு என்பது விடை தன்னோடு ஒத்துப்போகிறது என்பதைத்தான் சொல்லும், உண்மையோடு ஒத்துப்போகிறதா என்பதைச் சொல்லாது. −13.61 என்ற வெளி எண்ணைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் பிழை கண்ணுக்குப் பட்டது.

அப்படியென்றால் விடுபட்டது என்ன?

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். வத்தேகமையில் இருந்து பன்விலப் பக்கம் ஏறும்போது, தோட்டப் பாதைகளில் ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய ஒடுக்கமான வளைவுகள் உண்டு. ஒரு லொறியும் ஒரு பஸ்ஸும் அந்தப் பாதையில் ஓடுகின்றன என்று வைப்போம். லொறி தன் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த வளைவில் நிற்கிறது. பஸ்ஸும் அப்படியே. இரண்டும் ஒரே நேரத்தில் வளைவில் இருக்க எத்தனை வாய்ப்பு? சராசரியை மட்டும் தெரிந்தவர் பெருக்கிப் பார்த்து நூறில் ஒன்று என்பார். பாதையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியும், அது நடப்பதே இல்லை. ஒருவர் ஹோன் அடிப்பார், மற்றவர் மேலே ஒதுங்கி நிற்பார். இருவருடைய சராசரியும் மாறவில்லை. ஆனால் ஒருவர் உள்ளே இருக்கும் கணத்தில் மற்றவர் வெளியே இருக்கிறார்.

தன்னிசைவுப் புலத்தில் ஒவ்வோர் இலத்திரனுக்கும் மற்றதன் சராசரி மட்டுமே தெரியும். மற்றது இந்தக் கணத்தில் எங்கே என்பது தெரியாது. உண்மையான இலத்திரன்கள் கணத்துக்குக் கணம் ஒன்றை ஒன்று தவிர்க்கின்றன. அதனால் தள்ளுகை, சராசரிக் கணக்கு சொல்வதை விடக் குறைகிறது, மொத்தச் சக்தி இன்னும் கீழே இறங்குகிறது. ஹார்ட்ரீ-ஃபொக் விடைக்கும் உண்மை விடைக்கும் இடையில் உள்ள இந்த மிச்சத்துக்குப் பெயர் ஒட்டுறவுச் சக்தி. ஆங்கிலத்தில் கொரிலேஷன் என்பார்கள். கனமான அணுக்களில் வேகத்தால் வரும் சார்புக் கொள்கைத் திருத்தம் தனி. அதை இதில் சேர்ப்பதில்லை.

இந்தப் பெயர் ஒரு விடயத்தில் பிள்ளைகளை ஏமாற்றும். அயனாக்கற் சக்தியைப் போல ஆய்வுகூடத்தில் அளந்து எடுக்கும் ஒன்று அல்ல இது. இயற்கையில் தனியாக இப்படி ஒரு சக்தியும் இல்லை. எங்கள் படம் உண்மைக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதன் கணக்குத்தான் இது. படத்தை மாற்றினால் கடனும் மாறும்.

அந்தக் கடன் எவ்வளவு? ஈலியத்துக்கு 1.14 இலத்திரன் வோல்ற்று. H⁻க்கு 1.08. இலித்தியத்தில் இருந்து ஓர் இலத்திரனை எடுத்த Li⁺க்கு 1.18. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே தொகை! என் மாணவியின் கேள்விக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதிலின் பாதி இங்கே இருக்கிறது. ஈலியத்தில் ஓர் இலத்திரனைப் பிடித்து வைத்திருப்பது 24.6 இலத்திரன் வோல்ற்று. அதில் 1.1 விடுபட்டால் யாருக்கும் தெரியாது. H⁻இல் இரண்டாம் இலத்திரனைப் பிடித்து வைத்திருப்பதே 0.75 தான். அங்கே 1.1ஐ விட்டால் அயனே இல்லாமல் போகிறது. ஆயிரக்கணக்கில் புரளும் கடையில் நூறு ரூபாய் குறைந்தாலும், எழுபத்தைந்து ரூபாய் இலாபத்தில் நடக்கும் கடையில் நூறு ரூபாய் குறைந்தாலும் குறைந்த தொகை ஒன்றுதான்.

இனி இந்தக் கதையில் எங்கள் மொழிக்காரர் ஒருவர் வருகிறார்.

H⁻ இருக்க முடியும் என்று 1929இல் பெத்தேயும் 1930இல் நோர்வேயின் ஹிலராசும் கணித்துக் காட்டியிருந்தார்கள். ஹிலராஸ்தான் ஈலியத்துக்கு, இரண்டு இலத்திரன்களுக்கும் இடையிலான தூரத்தையே நேராகக் கணக்கில் சேர்த்து மிக நல்ல விடை எடுத்தவர். ஆனால் H⁻ அப்போது ஒரு கணக்குப் புதினமாகத்தான் இருந்தது. 1939இல் ரூபர்ட் வில்ட் என்ற வானியலாளர் அதைச் சூரியனில் கொண்டுபோய் வைத்தார்.

சூரியனின் மேற்பரப்பு 5800 கெல்வின் அளவு சூடு. அங்கே இருப்பதில் பெரும்பகுதி ஐதரசன் அணுக்கள். அவை தாழ்ந்த மட்டத்தில் இருக்கும்போது கட்புல ஒளியை உறிஞ்ச மாட்டா, அதற்கு அந்த ஒளியின் சக்தி போதாது. அப்படியானால் அந்த வாயு தெளிவாக இருந்து, எங்கள் பார்வை உள்ளே ஆழமாகப் போயிருக்க வேண்டும். ஆனால் சூரியன் கூர்மையான விளிம்புள்ள வட்டமாகத் தெரிகிறது. ஏதோ ஒன்று ஒளியை மறிக்கிறது. அது H⁻ என்றார் வில்ட். சோடியம், மகனீசியம், இரும்பு போன்ற உலோக அணுக்கள் எளிதில் இழக்கும் இலத்திரன்களில் சில ஐதரசனில் ஒட்டிக்கொள்கின்றன. பல மில்லியன் ஐதரசன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் அந்த அயன் இருக்கும். ஆனால் அதன் இலத்திரனைக் கழற்ற 0.75 இலத்திரன் வோல்ற்று போதும். 1640 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள எந்த ஒளியும், அதாவது நாங்கள் காணும் ஒளி முழுவதும், அதைக் கழற்றும். கழற்றும்போது அந்த ஒளி உறிஞ்சப்படுகிறது. இன்னோர் இலத்திரன் வந்து ஒட்டும்போது ஒளி திரும்ப வெளிவிடப்படுகிறது. நாங்கள் காணும் பகல் வெளிச்சத்தின் பெரும்பகுதி இப்படி வெளியானதுதான்.

ஆனால் எவ்வளவு உறிஞ்சும் என்று எண்ணாகச் சொல்லாமல் இதை நிறுவ முடியாது. சூரியனில் உள்ள H⁻ஐ எடுத்து வந்து ஆய்வுகூடத்தில் அளக்கவும் அப்போது வழியில்லை. கணித்துத்தான் ஆக வேண்டும். அதற்கு அந்த அயனின் அலைச்சார்பு வேண்டும். வழமையான முறையோ அந்த அயனே இல்லை என்கிறது.

இந்த இடத்தில்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர் வருகிறார். 1910இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியவர். வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எல்லைத் திணிவுக்காக அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யேர்க்கிஸ் வானாய்வகத்தில் இருந்தபோது, 1944இல் H⁻ பற்றி அவர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். இரண்டு இலத்திரனுக்கும் ஒரே முகில் என்ற பிடிவாதத்தை விட்டார். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று இரண்டு வேறு அளவு முகில்களை எடுத்தார். எந்த இலத்திரன் உள்ளே, எது வெளியே என்று சொல்ல முடியாது என்பதால், முதலாவது உள்ளே இரண்டாவது வெளியே என்பதையும் அதன் மறுதலையையும் கூட்டினார். நான் மேலே z என்று எழுதிய இடத்தில் அவருக்கு இரண்டு எண்கள் கிடைத்தன. ஒன்று 1.04, மற்றது 0.28. முதலாவது சாதாரண ஐதரசன் அணுவின் முகில்தான், கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. இரண்டாவது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் விரிந்தது. கருவும் உள் இலத்திரனும் சேர்ந்து ஏறத்தாழ நடுநிலையாகத் தெரியும் ஒரு பொருளின் ஓரத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது.

சக்தி? −13.97. ஐதரசனின் −13.61ஐத் தாண்டிக் கீழே போய்விட்டது. அயன் பிழைத்தது!

ஒரே முகிலில் −12.86, இரண்டு முகிலில் −13.97. ஒன்று உள்ளே இருந்தால் மற்றது வெளியே ஒதுங்கும் என்ற ஒரேயொரு விடயத்தைச் சேர்த்ததால் வந்த மாற்றம் இது. பன்விலப் பாதையில் ஒருவர் ஒதுங்கி நிற்பதுதான்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இரண்டு இலத்திரனும் கருவில் இருந்து ஒரே தூரத்தில் இருந்தாலும் ஒரே பக்கத்தில் நிற்காமல் எதிர்ப்பக்கங்களில் நிற்கலாம். அதற்காக அவர் ஹிலராசின் வழியைப் பின்பற்றி, (1 + c·r₁₂) என்ற காரணியால் பெருக்கினார். r₁₂ என்பது இரண்டு இலத்திரன்களுக்கும் இடையிலான தூரம், c இன் பெறுமானம் 0.31. இரண்டும் நெருங்கும்போது அலைச்சார்பு ஒப்பளவில் சிறுக்கும், விலகும்போது பெருக்கும். இப்போது −14.31 வந்தது. இன்று நாங்கள் அறிந்த மிகச் சரியான விடை −14.36. மூன்றே எண்களை வைத்து அவர் உண்மைக்கு 0.05 தூரத்தில் வந்துவிட்டார்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. வரலாற்றின் இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சக்தியில் இவ்வளவு நல்ல விடை தந்த அலைச்சார்புகளை வைத்து ஒளி உறிஞ்சலைக் கணித்தபோது விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சக்தியைக் குறைத்துக் குறைத்துத் தேடும் முறை, சக்தி எங்கே அதிகம் சேர்கிறதோ அந்த இடத்தைத்தான் கவனமாகத் திருத்தும். அது கருவுக்குக் கிட்டிய பகுதி. வெளியே தொங்கும் வாலில் சக்தி சொற்பம், அங்கே பிழை இருந்தாலும் மொத்தச் சக்தி காட்டிக்கொடுக்காது. ஒளி உறிஞ்சலோ அந்த வாலில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. நல்ல எண் வந்தால் நல்ல படம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

உறிஞ்சலைக் கணிக்க ஒன்றுக்கொன்று சமமான சூத்திரங்கள் உண்டு. ஒன்று இலத்திரனின் தூரத்தை வைத்து, இன்னொன்று வேகத்தை வைத்து. அலைச்சார்பு அச்சொட்டாக இருந்தால் எல்லாம் ஒரே விடை தரும். இல்லாவிட்டால் வேறு வேறு விடை வரும். அலைச்சார்பு சரியா பிழையா என்பதைப் பார்க்க இதுவே ஒரு சோதனை. தூரச் சூத்திரம் நம்பமுடியாத வாலைப் பெருக்கிக் காட்டுகிறது என்று கண்ட சந்திரசேகர், நடுப் பகுதியில் தங்கியிருக்கும் வேகச் சூத்திரத்தை 1945இல் முன்வைத்தார். 1946இல் பிரான்சிஸ் பிறீன் என்ற பெண்மணியோடு சேர்ந்து முழு உறிஞ்சல் அட்டவணையையும் வெளியிட்டார். உறிஞ்சல் 850 நனோமீற்றருக்கு அருகில் உச்சம் காட்டியது. சூரியனின் ஒளியை அளந்தவர்கள் கண்ட போக்கோடு அது பொருந்தியது. வில்ட் சொன்னது உறுதியானது.

ஆக, இரண்டு விடயங்கள் விடுபடுகின்றன. ஒபிற்றல் படம் விடுவது, இலத்திரன்கள் கணத்துக்குக் கணம் ஒன்றை ஒன்று தவிர்ப்பதை. அந்தக் குறையை ஒட்டுறவுச் சக்தி என்ற ஓர் எண்ணாக எழுதிவிட்டால், அந்த எண் விடுவது, இலத்திரன் உண்மையில் எப்படிப் பரவி நிற்கிறது என்பதை. H⁻ இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவு மெல்லிய அயன் அது.

அடுத்த நாள் வகுப்பில் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். கரும்பலகையில் மேலே ஈலியம், கீழே H⁻. இரண்டுக்கும் பக்கத்தில் 1s² அப்படியே இருந்தது. பிறகு ஈலியத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று விழும் இரண்டு வட்டங்கள் கீறினேன். H⁻க்கு ஒரு சிறிய வட்டம், அதைச் சுற்றி மூன்றரை மடங்கு பெரிய மங்கலான வட்டம். "முந்தாநாள் நான் ரெண்டும் ஒன்று என்ற மாதிரிச் சொன்னேன். குறியீடுதான் ஒன்று. ஈலியத்தில் இந்தக் குறியீடு பெரிதாகப் பிழைக்காது. இதில் பிழைக்கும்" என்றேன். சூரியனைச் சொன்னபோது பின்வரிசைப் பையன்கள் யன்னல் பக்கம் திரும்பினார்கள். அன்று நல்ல வெயில்.

கேள்வி கேட்ட பிள்ளை திரும்பவும் கையை உயர்த்தினார். "அப்ப சேர், சோதனையில H⁻க்கு 1s² ன்டு எழுதினா புள்ளி குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. அப்படியே எழுதுங்க" என்றேன். வகுப்பே சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு, அந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, z = 0.6875 என்ற இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை வீட்டில் போட்டு வரச் சொன்னேன். மறுநாள் 7 பேர் −12.86ஓடு வந்தார்கள். இரசாயனம் படிப்பிக்கும் நண்பர்களே, நீங்களும் உங்கள் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.